சேவ் ஃபைல் அழிந்த பிறகு எழுதும் பேட்ச் நோட்ஸ்: எதைச் சொல்வது, எந்த வரிசையில் சொல்வது

வாசகர் கேள்வி

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து கணினிக்கான ஒரு பண்ணை கேம் செய்து ஸ்டீமில் விற்கிறோம். யூனிட்டியில் செய்தது. குழுவின் பெயரை மாற்றியதால் புராஜெக்ட் செட்டிங்ஸிலும் கம்பெனி பெயரை மாற்றி, வெள்ளி மாலை 1.3.0 வெளியிட்டோம். ஒரு மணி நேரத்துக்குள் "என் பண்ணையே காணோம், புது ஆட்டம்தான் வருகிறது" என்று புகார்கள் வந்தன. ஞாயிறு இரவு 1.3.1 விட்டோம். அது பழைய ஃபோல்டரில் இருக்கும் சேவ் ஃபைலைப் புதிய ஃபோல்டருக்குக் காப்பி செய்யும். பெரும்பாலோருக்குப் பண்ணை திரும்பிவிட்டது. ஆனால் சிலர், வெள்ளிக்கும் ஞாயிறுக்கும் நடுவில் ஆடியதெல்லாம் போய்விட்டது என்கிறார்கள். இன்று திங்கள், இன்னும் சிலர், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பழைய நாளுக்கே போய்விடுகிறது என்கிறார்கள். அது அவர்கள் கணினியில் வேறு ஏதோ கோளாறு என்று நினைக்கிறோம். ஆரம்பத்தில் சிலருக்கு, ஃபோல்டரை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யச் சொல்லிவிட்டோம். 1.3.2-க்கு நான் எழுதியிருக்கும் குறிப்பு இது: "சில பயனர்களுக்குச் சேமிப்புக் கோளாறு ஏற்பட்டிருக்கலாம். அது சரிசெய்யப்பட்டது. சிரமத்துக்கு வருந்துகிறோம்." தவற்றை ஒப்புக்கொண்டால் சட்டச் சிக்கல் வரும் என்கிறார் ஒரு நண்பர். காரணத்தை விளக்கினால் குழப்பம்தான் மிஞ்சும் என்கிறார் இன்னொருவர். எல்லோருக்கும் 5000 காசு பரிசு தரலாம் என்றும் ஒரு யோசனை. குறிப்பு இப்படியே போகலாமா?

பதில்

போகக் கூடாது. ஆனால் குறிப்பைத் திருத்துவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. திறக்கும்போதெல்லாம் பழைய நாளுக்கே போகிறது என்று சொல்பவர்களின் கணினியில் ஒரு கோளாறும் இல்லை. 1.3.1-இல் நீங்கள் சேர்த்த வரி ஏறக்குறைய இப்படி இருக்கும்:

```
File.Copy(oldPath, newPath, true);
```

கடைசியில் இருக்கும் `true`, புதிய ஃபோல்டரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருந்தாலும் அதன் மேலேயே எழுது என்கிறது. வெள்ளிக்குப் பின் ஆடியவர்களின் இரண்டு நாள் ஆட்டம் போனது இதனால்தான். இந்த வரி கேம் தொடங்கும் இடத்தில் நிபந்தனை ஏதும் இல்லாமல் இருந்தால், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதே காப்பி மறுபடி நடக்கும். ஆட்டக்காரர் இரண்டு மணி நேரம் ஆடி, சேவ் செய்து, மூடிவிட்டுப் போகிறார். அடுத்து திறந்ததும் வெள்ளிக்கு முந்தைய ஃபைல் வந்து அதன் மேல் உட்கார்ந்துகொள்கிறது.

இதை உறுதிசெய்யப் பத்து நிமிடம் போதும். உங்கள் கணினியில் பழைய பெயருள்ள ஃபோல்டரில் 1.2 பதிப்பின் சேவ் ஃபைல் ஒன்றை வையுங்கள். 1.3.1-ஐத் திறந்து பண்ணையில் ஒரு நாள் ஆடி, சேவ் செய்து மூடுங்கள். பிறகு மறுபடி திறந்து, எதையும் சேவ் செய்யாமல், புதிய ஃபோல்டரில் இருக்கும் ஃபைலின் ‘மாற்றப்பட்ட நேரம்’ என்ன என்று பாருங்கள். விண்டோஸில் இப்படிக் காப்பி செய்யும்போது மூல ஃபைலின் தேதியும் கூடவே வரும். ஆகவே சற்றுமுன் சேவ் செய்த நேரத்துக்குப் பதிலாகப் பழைய ஃபைலின் தேதி அங்கே தெரிந்தால், காரணம் இதுதான். உங்கள் சோதனையில் இது சிக்காமல் போனதற்கும் விளக்கம் இருக்கலாம்: கேம் செய்பவர்களின் கணினியில் பெரும்பாலும் பழைய ஃபோல்டரை யாராவது எப்போதோ சுத்தம் செய்திருப்பார்கள். மூல ஃபைல் இல்லாத இடத்தில் காப்பியும் நடக்காது.

இன்று புகார் சொல்பவர்கள் சிலர்தான் என்பதை வைத்து ஆறுதல் அடையாதீர்கள். ஞாயிறு இரவுக்குப் பின் பெரும்பாலோர் கேமை ஒரே ஒரு முறைதான் திறந்திருப்பார்கள். பண்ணை திரும்பியதாக நன்றி சொன்னவர்களும் இரண்டாம் முறை திறக்கும்போது இதே நிலைக்கு வருவார்கள். ஒவ்வொரு மணி நேரமும் யாரோ ஒருவரின் ஆட்டம் அழிந்துகொண்டிருக்கிறது.

முதலில் 1.3.1-ஐ நிறுத்துங்கள்

ஸ்டீம்வொர்க்ஸில் பில்டுகளின் பக்கத்துக்குப் போய், default கிளையில் 1.2-இன் பில்டை மறுபடி நேரலையாக்குங்கள். இதனால் புதுச் சேதம் வராதா என்று தயங்குவீர்கள். 1.2 படிப்பதும் எழுதுவதும் பழைய ஃபோல்டரில் மட்டும்தான். புதிய ஃபோல்டரை அது தொடவே தொடாது. 1.3.0-வும் 1.3.1-உம் பழைய ஃபோல்டரில் எதையும் எழுதவில்லை. எனவே அங்கே இருப்பது 1.2 கடைசியாக எழுதிய அதே ஃபைல். அதைப் படிப்பதில் 1.2-க்குச் சிக்கல் இருக்காது. ஞாயிறுக்குப் பின் ஆடியதோ, இன்னும் 1.3.1-ஐத் திறக்காதவர்கள் 1.3.0-வில் ஆடியதோ, புதிய ஃபோல்டரில் இருந்த இடத்திலேயே அசையாமல் இருக்கும்.

பின்னுக்குத் திருப்பும் அதே நேரத்தில் ஒரு சிறு அறிவிப்பு போக வேண்டும். பேட்ச் நோட்ஸ் தயாராகும்வரை இது காத்திருக்கக் கூடாது. ஐந்து வாக்கியம் போதும்: "1.3.1 ஒவ்வொரு முறை திறக்கும்போதும் உங்கள் புதிய சேவ் ஃபைலின் மேல் பழையதை எழுதுகிறது. அதை நிறுத்திவிட்டு, கேமைத் தற்காலிகமாக 1.2-க்குத் திருப்பியிருக்கிறோம். இப்போது திறந்தால் வெள்ளிக்கு முந்தைய பண்ணை தெரியும். உங்கள் கணினியில் அதற்குப் பின்னான ஃபைல் எஞ்சியிருந்தால் அதை இந்தப் பதிப்பு தொடாது. எந்த ஃபோல்டரையும் அழிக்காதீர்கள், மறுபடி இன்ஸ்டால் செய்யாதீர்கள்." ஸ்டீமை ஆஃப்லைனில் வைத்து ஆடுபவர்களுக்கு மட்டும் இன்னொரு வரி சேருங்கள்: அவர்களிடம் 1.3.1 அப்படியே இருக்கும், ஆன்லைனுக்கு வந்து அப்டேட் ஆகும்வரை கேமைத் திறக்க வேண்டாம்.

யாருக்கு என்ன போனது என்பதைப் பிரித்துப் பாருங்கள்

உங்கள் வரைவில் எனக்குள்ள பெரிய குறை, அது எல்லோரிடமும் ஒரே வார்த்தையில் பேசுகிறது என்பதுதான். உங்கள் ஆட்டக்காரர்களின் நிலை ஒன்றல்ல. யூனிட்டி விண்டோஸில் சேவ் ஃபைலுக்குத் தரும் இயல்பான இடம் கம்பெனி பெயரையும் கேமின் பெயரையும் கொண்டு அமைகிறது:

```
%USERPROFILE%\AppData\LocalLow\CompanyName\ProductName
```

பெயர் மாறியதும் கேம் வேறு ஃபோல்டரில் தேடியது. அங்கே ஒன்றும் இல்லாததால் புது ஆட்டக்காரர் என்று முடிவுகட்டியது. ஆக, ஃபோல்டரைக் கையால் அழித்தவர்களைத் தவிர வேறு யாருக்கும் வெள்ளிக்கு முந்தைய பண்ணை அழியவில்லை. அது பழைய ஃபோல்டரில் பத்திரமாக இருக்கிறது. ஒலி அளவு, விசை அமைப்புகள் போன்றவையும் அதே நேரத்தில் காணாமல் போனதாக யாராவது சொல்லியிருந்தால் அதுவும் இதையே காட்டுகிறது. பிளேயர்பிரெஃப்ஸ் விண்டோஸில் ரெஜிஸ்ட்ரியில் `HKCU\Software\CompanyName\ProductName` என்ற இடத்தில் இருப்பதால், பெயர் மாறினால் அதுவும் சேர்ந்தே மறைகிறது. சேவ் ஃபைல் மட்டும் கெட்டுப்போயிருந்தால் அமைப்புகள் மாறாமல் இருந்திருக்கும்.

வெள்ளிக்கும் ஞாயிறுக்கும் நடுவில் புதிய ஃபோல்டரில் ஆடியவர்களின் கதை வேறு. 1.3.1-ஐ அவர்கள் முதன்முதலில் திறந்த கணத்திலேயே அந்த ஃபைல் மேலெழுதப்பட்டுவிட்டது. கிளவுடிலாவது நகல் இருக்குமா என்று கேட்பார்கள். ஸ்டீம் ஆட்டோ-கிளவுட் அமைப்பில் எந்த ஃபோல்டரின் பெயர் கொடுத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். அங்கே இன்னும் பழைய பெயர்தான் இருந்தால், புதிய ஃபோல்டர் ஒருமுறைகூடக் கிளவுடுக்குப் போயிருக்காது. அப்படியானால் அந்த இரண்டு நாள் ஆட்டத்தை உங்களால் மீட்டுத் தர முடியாது. ஞாயிறுக்குப் பின் பலமுறை திறந்தவர்களுக்கும் இதுவே நிலை: கடைசியாகத் திறந்த பிறகு ஆடியது மட்டும் மிஞ்சியிருக்கும், அதற்கு முன் ஆடியது இல்லை.

நான்காவது கூட்டம், உங்கள் பேச்சைக் கேட்டு ஃபோல்டரை அழித்தவர்கள். மறுபடி இன்ஸ்டால் செய்வதால் பயனும் இல்லை, பொதுவாகக் கெடுதலும் இல்லை. ஸ்டீம் நீக்குவது கேம் நிறுவப்பட்ட ஃபோல்டரைத்தான், `LocalLow`-வை அல்ல. கையால் அழித்ததுதான் ஆபத்து. அவர்களுக்கு மிச்சமிருக்கும் ஒரே வழி கிளவுட். பழைய ஃபோல்டர்தான் கிளவுடில் இணைந்திருந்தது என்றால் அது இங்கே கைகொடுக்கும். கேமைத் திறக்காமல், பிரவுசரில் ஸ்டீம் கணக்கில் நுழைந்து `store.steampowered.com/account/remotestorage` பக்கத்துக்குப் போகச் சொல்லுங்கள். உங்கள் கேமின் பெயருக்கு நேரே ஃபைல் இருந்தால் அதை முதலில் இறக்கிப் பத்திரப்படுத்தட்டும். இவர்களுக்குப் பொது அறிவிப்பு போதாது. நீங்கள் யாருக்கெல்லாம் அந்த யோசனை சொன்னீர்களோ, அவர்கள் ஒவ்வொருவருக்கும் அதே இடத்தில் தனித்தனியாகப் பதில் எழுதுங்கள். பழைய பதிலின் மேலேயே ‘இதைச் செய்யாதீர்கள்’ என்று திருத்தமும் போடுங்கள். இல்லாவிட்டால் இன்று தேடி வரும் இன்னொருவர் அதைப் படித்துவிட்டு அழிப்பார்.

1.3.2 என்ன செய்ய வேண்டும்

குறிப்பில் எழுதப்போவதைக் கேம் உண்மையிலேயே செய்ய வேண்டும் என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். இரண்டு ஃபோல்டர்களில் இரண்டு பண்ணைகள் இருக்கும்போது, எது உண்மையானது என்று கேம் தானாக முடிவுசெய்யக் கூடாது. புதிய தேதி உள்ளதை எடு என்றால், ஐந்து நிமிடம் சோதித்துப் பார்க்கத் தொடங்கிய பண்ணை 80 மணி நேரப் பண்ணையை மறைத்துவிடும். பெரிய ஃபைலை எடு என்றால், வெள்ளிக்குப் பின் ஆசையாகப் புதிதாகத் தொடங்கியவர் ஏமாறுவார். பழையதைத் தனி ஸ்லாட்டாகக் கொண்டுவந்து, இரண்டையும் ஆட்டக்காரர் முன் வையுங்கள்:

```
string imported = Path.Combine(newDir, "farm_old.sav");
if (File.Exists(oldPath) && !File.Exists(imported))
    File.Copy(oldPath, imported, false);
```

காப்பி ஒருமுறைதான் நடக்கும். எதன் மேலும் எழுதாது. மூல ஃபைலும் இருந்த இடத்திலேயே இருக்கும். இதற்கு முன்னால் இரண்டு ஃபோல்டர்களிலும் உள்ளதை அப்படியே ஒரு `Backup_1.3.2` ஃபோல்டரில் நகலெடுத்து வைத்துவிடுங்கள். அந்த நகலும், ஃபோல்டர் ஏற்கெனவே இருந்தால் மறுபடி எடுக்கப்படக் கூடாது. தேர்வுத் திரையில் பண்ணையின் பெயர், கேமில் எத்தனையாவது நாள், கடைசியாகச் சேவ் செய்த தேதி ஆகிய மூன்றும் தெரிந்தால் போதும். அவரவர் பண்ணையை அவரவர் அடையாளம் கண்டுகொள்வார்கள். ஆட்டோ-கிளவுட் அமைப்பில் புதிய ஃபோல்டரைச் சேர்த்து, அந்த மாற்றத்தை வெளியிடவும் மறக்காதீர்கள். சேமித்தால் மட்டும் போதாது, வெளியிட்டால்தான் ஆட்டக்காரர்களுக்கு அது நடைமுறைக்கு வரும்.

வெளியிடும் முன் நான்கு நிலைகளில் சோதியுங்கள்: பழைய ஃபைல் மட்டும், புதியது மட்டும், இரண்டும், எதுவும் இல்லாதது. ஒவ்வொரு நிலையிலும் கேமைத் திறந்து, ஆடி, சேவ் செய்து மூடுவதை மூன்று முறை செய்யுங்கள். பழைய ஃபைல் மட்டும் இருக்கும் நிலையில் 1.3.1-இன் தவறு முதல் முறையில் தெரியவே தெரியாது, இரண்டாவதில்தான் தெரியும். உங்களைத் தவிர வேறொருவரின் கணினியிலும் ஒருமுறை பாருங்கள்.

வரைவில் இருக்கும் மூன்று வார்த்தைகள்

இப்போது உங்கள் வாக்கியங்களுக்கு வருகிறேன். ‘ஏற்பட்டிருக்கலாம்’ என்பது, நடந்ததா இல்லையா என்றே உங்களுக்குத் தெரியாதது போல ஒலிக்கிறது. பண்ணையை இழந்தவர் அதைத் தன்னை நம்பாத பேச்சாகத்தான் எடுத்துக்கொள்வார். ‘சேமிப்புக் கோளாறு’ என்பதிலிருந்து தன் ஃபைல் இருக்கிறதா இல்லையா என்று யாராலும் புரிந்துகொள்ள முடியாது. மூன்றிலும் மோசமானது ‘சரிசெய்யப்பட்டது’. இனி அழியாது என்ற பொருளில் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். போனது திரும்பிவிட்டது என்று அவர் படிப்பார். திறந்து பார்த்து, இல்லை என்று கண்டதும் இரண்டாம் முறை ஏமாறுவார். திரும்பி வராததை ‘திரும்பி வராது’ என்றே எழுதுங்கள். எழுதக் கை கூசும் வாக்கியம் அது. ஆனால் அது இல்லாவிட்டால், மீட்க வழி தேடி அவர் இன்னும் மூன்று மாலைகளை வீணாக்குவார். கிடைக்கும் மென்பொருளையெல்லாம் இறக்கிப் பார்ப்பார்.

சட்டத்தைப் பற்றிப் பயப்படும் நண்பருக்கு: நான் வழக்கறிஞர் அல்ல, கேம் வெளியீட்டையும் ஆட்டக்காரர் உதவியையும் தொழிலாகச் செய்பவர். என்ன நடந்தது என்பதை நேரம், பதிப்பு எண்ணோடு சொல்வது ஒன்று. இழப்பீடு தரும் பொறுப்பை ஏற்பது வேறொன்று. முதலாவதை மறைத்தால் இரண்டாவதிலிருந்து தப்பிக்கலாம் என்று எண்ண வேண்டாம். பதிப்புகளும் ஃபைல் தேதிகளும் எல்லோர் கணினியிலும் இருக்கின்றன. விஷயம் தெரிந்த ஆட்டக்காரர் ஒருவர் ஒரே இரவில் கண்டுபிடித்து எழுதிவிடுவார். கவனமாக இருக்க வேண்டியது வாக்குறுதிகளில். ‘இனி ஒருபோதும் நடக்காது’ என்று எழுதாதீர்கள். எந்தச் சோதனையைச் சேர்த்திருக்கிறீர்கள் என்று எழுதுங்கள். பணத்தைத் திருப்பித் தருவோம் என்றும் எழுதாதீர்கள். அதை முடிவுசெய்வது ஸ்டீம். வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் கிடைக்கும் என்பது அவர்களின் பொதுவிதி. அதைத் தாண்டியவர்களும் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் முடிவு உங்கள் கையில் இல்லை. வெளியீட்டாளரோடு ஒப்பந்தம் இருந்தால், குறிப்பு போகும் முன் அவர்களுக்கு ஒருமுறை காட்டிவிடுங்கள்.

காரணத்தைச் சொல்ல வேண்டாம் என்ற நண்பரோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆட்டக்காரர் மனத்தில் மூன்று கேள்விகள் இருக்கும்: நான் ஏதாவது தவறு செய்தேனா, என் ஃபைல் எங்கே, இது மறுபடி நடக்குமா. மூன்றுக்கும் பதில் காரணத்தில்தான் இருக்கிறது. யூனிட்டி, ரெஜிஸ்ட்ரி எல்லாம் வேண்டாம். ஃபோல்டர், காப்பி, மேலே எழுதுவது என்ற மூன்று சொற்களுக்குள் உங்கள் கதை முழுவதும் அடங்கிவிடும். கம்பெனி பெயரை மாற்றியதை விட்டுவிடாதீர்கள். அது சிறுபிள்ளைத்தனமான காரணமாகத் தோன்றி உங்களுக்கு வெட்கமாக இருக்கலாம். ஆனால் அதைச் சொன்னால்தான் மற்றதெல்லாம் புரியும்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்

> 1.3.2: காணாமல் போன பண்ணைகள் பற்றி
>
> வெள்ளி வெளியான 1.3.0-வும் ஞாயிறு வெளியான 1.3.1-உம் பலருடைய பண்ணையை மறைத்தன. சிலருடைய ஆட்டத்தை நிரந்தரமாக அழித்தன. இரண்டும் எங்கள் தவறு. நீங்கள் செய்த எதனாலும் இது நடக்கவில்லை. மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறோம்.
>
> உங்கள் பண்ணையின் நிலை
>
> வெள்ளிக்கு முன் ஆடிய பண்ணை: நீங்கள் ஃபோல்டரை அழிக்காதிருந்தால், அழியவில்லை. 1.3.2-ஐத் திறந்ததும் ‘பழைய பண்ணை’ என்று தனியாகத் தெரியும்.
>
> 1.3.0-வில் புதிதாக ஆடி, இன்னும் 1.3.1-ஐத் திறக்காதவர்கள்: உங்கள் இரண்டு பண்ணைகளும் இருக்கும்.
>
> 1.3.0-வில் ஆடிவிட்டு 1.3.1-ஐத் திறந்தவர்கள்: அந்த இடைப்பட்ட ஆட்டம் அழிந்துவிட்டது. எங்களிடமும் ஸ்டீம் கிளவுடிலும் அதன் நகல் இல்லை. அதைத் திரும்பக் கொண்டுவர எங்களால் முடியாது.
>
> 1.3.1-ஐ ஒன்றுக்கு மேற்பட்ட முறை திறந்தவர்கள்: கடைசியாகத் திறந்த பிறகு சேவ் செய்தது மட்டும் இருக்கும்.
>
> நாங்கள் சொல்லி ஃபோல்டரை அழித்தவர்கள்: அந்த யோசனை தவறானது. கேமைத் திறக்கும் முன் எங்களுக்கு எழுதுங்கள். கிளவுடில் உங்கள் பழைய பண்ணை இருக்க வாய்ப்பிருக்கிறது. அதை எடுக்கும் வழியைப் படிப்படியாகச் சொல்கிறோம்.
>
> என்ன நடந்தது
>
> எங்கள் குழுவின் பெயரை மாற்றினோம். சேவ் ஃபைல் இருக்கும் ஃபோல்டரின் பெயரில் குழுவின் பெயரும் ஒரு பகுதி என்பதைக் கவனிக்கவில்லை. அதனால் 1.3.0 வேறு ஃபோல்டரில் தேடி, ஒன்றும் இல்லை என்று புது ஆட்டத்தைத் தொடங்கியது. 1.3.1-இல் பழைய ஃபைலைப் புதிய ஃபோல்டருக்குக் காப்பி செய்தோம். அங்கே ஏற்கெனவே ஒரு ஃபைல் இருக்கிறதா என்று அது பார்க்கவில்லை. நேரே அதன் மேல் எழுதியது. ஒருமுறை செய்து நிற்காமல், கேமைத் திறக்கும்போதெல்லாம் அதையே செய்தது.
>
> 1.3.2 என்ன செய்கிறது
>
> முதல்முறை திறக்கும்போது உங்கள் எல்லாச் சேவ் ஃபைல்களையும் `Backup_1.3.2` ஃபோல்டரில் நகலெடுக்கும். பிறகு கிடைத்த பண்ணைகளையெல்லாம் தேதியோடு காட்டும். எதில் தொடர்வது என்று நீங்கள்தான் தேர்ந்தெடுப்பீர்கள். தேர்ந்தெடுக்காத பண்ணையும் அழியாது. புதிய ஃபோல்டர் இனி ஸ்டீம் கிளவுடிலும் சேமிக்கப்படும். ஒலி, விசை அமைப்புகளை மட்டும் ஒருமுறை மறுபடி அமைக்க வேண்டியிருக்கும்.
>
> பழைய சேவ் ஃபைல் உள்ள கணினியில் கேமை மூன்று முறை திறந்து மூடும் சோதனையை இனி ஒவ்வொரு அப்டேட்டுக்கு முன்னும் செய்வோம்.
>
> உங்கள் பண்ணை தெரியவில்லை என்றால்
>
> விண்டோஸ் விசையோடு R-ஐ அழுத்தி, `%USERPROFILE%\AppData\LocalLow` என்று ஒட்டி எண்டர் தட்டுங்கள். எங்கள் பழைய பெயரிலும் புதிய பெயரிலும் உள்ள ஃபோல்டர்களை டெஸ்க்டாப்பில் நகலெடுத்து வைத்துவிட்டு எங்களுக்கு எழுதுங்கள். எதையும் அழிக்க வேண்டாம்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். மன்னிப்பு ஒரே ஒரு இடத்தில், ஒரே ஒரு முறை வருகிறது. அதன்பின் எல்லாம் தகவல். திரும்பத் திரும்ப வருந்தினால், தன் பண்ணை இருக்கிறதா என்று தேடி வந்தவர் அந்த வரிகளைத் தாண்டித் தாண்டிப் போக வேண்டியிருக்கும். அதே காரணத்தால்தான் ‘உங்கள் பண்ணையின் நிலை’ காரணத்துக்கு முன்னால் நிற்கிறது. கடைசிப் பகுதியில் ஃபோல்டரின் முழு முகவரி கொடுத்திருப்பதற்கும் காரணம் உண்டு: `AppData` விண்டோஸில் மறைந்திருக்கும் ஃபோல்டர், ‘அங்கே போய்ப் பாருங்கள்’ என்றால் பலருக்குக் கண்ணில் படாது. மேக்கிலோ லினக்ஸிலோ விற்கிறீர்கள் என்றால் அங்கே இடம் வேறு. மேக்கில் `~/Library/Application Support`, லினக்ஸில் `~/.config/unity3d`. அவற்றையும் தனி வரிகளாகச் சேருங்கள்.

குறிப்பை ஸ்டீம் செய்திப் பக்கத்தில் மட்டும் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். அப்டேட் தானாக இறங்கும். செய்தியைத் தேடிப் படிக்காமலே பலர் கேமைத் திறப்பார்கள். பண்ணையைத் தேர்ந்தெடுக்கும் திரையிலேயே முதல் பத்தியும் நிலைப் பட்டியலும் சுருக்கமாக இருக்கட்டும், கூடவே முழுக் குறிப்புக்கு ஒரு பட்டன். 1.3.2 சோதனையில் தேறும்வரை குறிப்பையும் வெளியிட வேண்டாம். அதுவரை முதல் சிறு அறிவிப்பு போதும்.

5000 காசு

இதை நான் தவிர்ப்பேன். ஆட்டம் எதுவும் போகாதவருக்கு அது தேவையில்லை. இரண்டு நாள் ஆட்டத்தை இழந்தவருக்கு அது ஈடாகாது; அவர் இழந்தது காசு மட்டுமல்ல, வளர்த்த பயிர், திறந்த நிலம், பழகிய கதாபாத்திரங்கள். எல்லோருக்கும் ஒரே தொகையைக் கொட்டினால் ஆரம்பநிலையில் இருப்பவரின் பண்ணையில் விலைகளுக்கே அர்த்தம் போய்விடும்.

இழந்தவர்களுக்கு உண்மையிலேயே உதவ நினைத்தால் வேறு வழி இருக்கிறது. உங்களுடையது ஒருவர் மட்டும் ஆடும் கேம். 1.3.2-இலோ அதற்கு அடுத்ததிலோ, ‘விட்ட இடத்திலிருந்து’ என்று ஒரு திரை வையுங்கள். எந்த நாள், கையில் எவ்வளவு காசு, எந்தெந்த நிலம் திறந்திருந்தது என்பதை ஆட்டக்காரரே நிரப்பட்டும்; கேம் அந்த நிலையில் பண்ணையை அமைத்துத் தரட்டும். ஆதாரம் கேட்காதீர்கள். ஒருவர் கூட்டிச் சொன்னாலும் வேறு எந்த ஆட்டக்காரருக்கும் அதனால் நஷ்டம் இல்லை. உண்மையைச் சொல்பவரிடம் ஆதாரம் கேட்டால் அவர் போயே போய்விடுவார். இதைச் செய்ய உங்களுக்கு எத்தனை நாள் ஆகும் என்று கணக்குப் போட்டபின்தான் குறிப்பில் சேர்க்க வேண்டும். தேதி உறுதியாகாத வரை அதைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம்.

குறிப்பு வெளியானபின் முதல் இரண்டு நாள், மூவரில் ஒருவர் வேறு வேலை எதையும் தொடாமல் பதில் எழுதுவதற்கு மட்டும் இருக்க வேண்டும். ஒவ்வொரு புகாரிலும் இரண்டு கேள்வி கேளுங்கள்: கடைசியாக எந்தப் பதிப்பைத் திறந்தீர்கள், இரண்டு ஃபோல்டர்களிலும் உள்ள ஃபைல்களின் தேதி என்ன. பெரும்பாலான புகார்கள் மேலே சொன்ன ஐந்து நிலைகளில் ஒன்றில் விழும். எதிலும் விழாத ஒரு புகார் வந்தால், அதை அவர் கணினிக் கோளாறு என்று ஒதுக்காமல், ஃபைலை வாங்கி உங்கள் கணினியில் திறந்து பாருங்கள். புதிதாக ஏதேனும் தெரியவந்தால் அதே குறிப்பின் மேல்பகுதியில் நேரத்தோடு சேருங்கள். ஏற்கெனவே எழுதியதைச் சத்தமில்லாமல் மாற்றாதீர்கள்.